கேஷ் டேலி ஆச்சு, கணக்கு டேலி ஆகல: ஒரு மகளிர் குழு நோட்டுல நான் படிச்ச பாடம்

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டின ஒரு மீனவக் குப்பம். பெரியம்மா அங்க ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஊக்குநர். குழுவுல மொத்தம் 12 பேர். மாதக் கூட்டம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி நோட்டுகளை எல்லாம் என் முன்னாடி வெச்சாங்க. "வழக்கமா கணக்கு எழுதுற பொண்ணு இன்னிக்கு வரல, வேற ஒருத்தங்கதான் எழுதினாங்க. நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, ஒரு தடவை பாரு தம்பி"ன்னாங்க.

பெட்டியில இருந்த பணத்தை எண்ணினேன். பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் கூட்டினேன், சமமா வந்துச்சு. பத்தே நிமிஷத்துல "டேலி ஆயிடுச்சு பெரியம்மா"ன்னு சொல்லிட்டேன்.

அவங்க நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஒரே ஒரு வரியில விரலை வெச்சாங்க. "போன மாசம் வெளியில நின்ன கடன் நாப்பத்தஞ்சாயிரம். ரெண்டு வட்டின்னா தொள்ளாயிரம் வரணும். இங்க ஐநூறுதானே எழுதியிருக்கு? மீதி நானூறு எங்க?"

எனக்குப் பதில் தெரியல. பணம் ஒரு ரூபாய்கூடக் குறையல, ஆனா கணக்கு தப்பு. அது எப்படி சாத்தியம், எட்டாவது வரைக்கும் படிச்ச பெரியம்மா அதை எப்படி ஒரே பார்வையில பிடிச்சாங்கன்னு விளக்குறதுதான் இந்தக் கட்டுரை. எண்களைப் புரியிறதுக்காகக் கொஞ்சம் எளிமையாக்கி இருக்கேன், நடந்த தப்பு அதேதான்.

முதல்ல, நோட்டுல என்னென்ன இருக்கு?

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட ஆரம்பிச்சது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோட இணைக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 1997-ல் மகளிர் திட்டம் வந்த பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஒரு நல்ல குழுவுக்கு அஞ்சு விதிகள் சொல்வாங்க: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்ளுக்குள்ளேயே கடன் கொடுக்கிறது, சரியா திருப்பிக் கட்டுறது, அப்பப்ப எழுதின கணக்கு. நாம இங்கே பார்க்கப் போறது அஞ்சாவதை.

குழுவின் பணம் ஓடுற விதம் ரொம்ப எளிமை. எல்லோரும் மாசாமாசம் ஒரே தொகையைச் சேமிக்கிறாங்க. அந்தப் பணத்தையே தங்களுக்குள்ள கடனா எடுத்துக்கிறாங்க. வட்டி எவ்வளவுன்னு குழுவே தீர்மானம் போடும். பெரியம்மா குழுவுல நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய். அந்த வட்டி வெளியாளுக்குப் போகாது, குழுவோட வருமானமா உள்ளேயே தங்கும்.

இதை எழுத மூணு இடம் முக்கியம். கூட்டத்தில் வந்த பணமும் போன பணமும் தேதிவாரியா ரொக்கப் புத்தகத்துல ஏறும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் சேமிப்புக்கும் கடனுக்கும் தனித்தனிப் பக்கம் பேரேட்டுல இருக்கும். அதே விவரம் அவங்கவங்க கையில இருக்கிற பாஸ்புக்கிலும் ஏறணும். இது தவிர யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணைன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவாங்க.

அந்த மாசக் கணக்கு

கூட்டம் ஆரம்பிக்கும்போது குழுவோட நிலைமை இது. ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 12 பேர், 20 மாசமா சேமிச்சது 48,000. அதுவரைக்கும் வந்த வட்டி 6,000. ஆகக் குழுவோட பணம் 54,000. அது எங்க இருக்கு? உறுப்பினர்கள் கையில கடனா 45,000, பேங்க்ல 8,400, பெட்டியில 600. கூட்டினா அதே 54,000.

கடன் வாங்கினவங்க நாலு பேர். பேர் வேண்டாம், எதுக்காக வாங்கினாங்கன்னு வெச்சே அடையாளம் சொல்றேன். அன்னிக்கு அவங்க கட்டினதைச் சரியான முறையில எழுதினா இப்படி வரணும்:

| கடன் எதுக்கு | முன் பாக்கி | இந்த மாச வட்டி | கட்டினது | வட்டிக்கு | அசலுக்கு | வட்டி நிலுவை | புது பாக்கி |
|---|---|---|---|---|---|---|---|
| கருவாட்டு வியாபாரம் | 10,000 | 200 | 1,200 | 200 | 1,000 | 0 | 9,000 |
| வலை | 20,000 | 400 | 300 | 300 | 0 | 100 | 20,000 |
| பிள்ளை ஃபீஸ் | 9,000 | 180 | 1,180 | 180 | 1,000 | 0 | 8,000 |
| மருத்துவம் | 6,000 | 120 | 620 | 120 | 500 | 0 | 5,500 |
| மொத்தம் | 45,000 | 900 | 3,300 | 800 | 2,500 | 100 | 42,500 |

ரெண்டாவது வரியைக் கவனிங்க. வலைக்காகக் கடன் வாங்கின அக்காவால அந்த மாசம் 300 ரூபாய்தான் கட்ட முடிஞ்சது. வட்டியே 400. இந்த மாதிரி நேரத்துக்கு விதி ஒண்ணு இருக்கு: வர்ற பணம் முதல்ல வட்டிக்குப் போகும், மிச்சம் இருந்தாத்தான் அசலுக்கு. அதனால 300-ம் வட்டி, இன்னும் 100 வட்டி பாக்கி, அசல் அப்படியே 20,000.

இதோட 12 பேர் சேமிப்பு 2,400 வந்துச்சு. இறால் பிடிக்கிற இன்னொரு அக்காவுக்குப் புதுக் கடன் 5,000 கொடுத்தாங்க. பெட்டியில இருந்த 600-உம் அன்னிக்கு வந்த 5,700-உம் சேர்ந்து 6,300. அதுல 5,000 கடனாப் போச்சு, 1,000 பேங்க்ல போட்டாங்க, மீதி 300.

கடைசியில் பார்த்தா வெளியில கடன் 47,500, பேங்க்ல 9,400, பெட்டியில 300. மொத்தம் 57,200. மறுபக்கம் சேமிப்பு 50,400, வட்டி 6,800. அதுவும் 57,200. இதுதான் சரியான கணக்கு.

தப்பு எங்க நடந்துச்சு?

அன்னிக்கு எழுதினவங்க வலைக் கடன் 300 ரூபாயை வட்டிப் பத்தியில எழுதல, அசல் பத்தியில எழுதிட்டாங்க. "கடனுக்குத்தானே கட்டினாங்க, கடன்லயே கழிச்சுட்டேன்." அவங்க நினைச்சது அவ்வளவுதான். வட்டி நிலுவைன்னு எதுவும் எழுதல.

இப்போ என்ன ஆகும்? அந்த அக்காவோட கடன் பாக்கி 20,000-க்குப் பதிலா 19,700. மொத்தக் கடன் 47,200. பேங்கும் பெட்டியும் மாறல, 9,700. கூட்டினா 56,900. மறுபக்கம் சேமிப்பு 50,400, வட்டி வருமானம் 6,800-க்குப் பதிலா 6,500. கூட்டினா அதுவும் 56,900!

நான் ஏமாந்தது இங்கதான். தப்பு ரெண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் குறைச்சதால தராசு சமமாவே நின்னுச்சு. பெட்டியில இருக்கிற பணத்துக்குத் தான் அசலா வட்டியான்னு தெரியாது. கேஷ் டேலி காட்டுறது பணம் தொலையலைங்கறதை மட்டும்தான். யாரோட பணம், எந்தக் கணக்குல போச்சுங்கறதை அது காட்டாது.

இந்த ஒரு வரியால குழுவுக்கு எவ்வளவு போச்சு? சரியான கணக்குப்படி அந்த அக்கா தரவேண்டியது அசல் 20,000, வட்டி நிலுவை 100, ஆக 20,100. நோட்டுல இருக்கிறது 19,700. வித்தியாசம் 400. யாரும் தீர்மானம் போடாமலே ஒரு மாச வட்டி முழுசா தள்ளுபடி ஆயிடுச்சு. 12 பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 33 ரூபாய்தான். ஆனா ஒரு வருஷம் கழிச்சு இது வெளிய தெரிஞ்சா, "அவங்களுக்கு மட்டும் வட்டியை விட்டுட்டாங்க"ன்னு பேச்சு வரும். எழுதினவங்க மேலயும் பழி, கட்டினவங்க மேலயும் பழி. ரெண்டு பேருமே எந்தத் தப்பும் நினைக்காதவங்க.

பெரியம்மாவோட சோதனை

பெரியம்மா ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்க்கல. மொத்தக் கடனை மட்டும் எடுத்து அதுக்கு ரெண்டு வட்டி போட்டாங்க. அது ஏன் வேலை செய்யுதுன்னா, எல்லோருக்கும் வட்டி விகிதம் ஒண்ணு. நமக்கு இது தெரிஞ்ச விஷயம்தான்:

r·P₁ + r·P₂ + … + r·Pₙ = r·(P₁ + P₂ + … + Pₙ)

கணக்கு வகுப்புல இதை லீனியாரிட்டின்னு எழுதிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவோம். இங்க அது ஒரு தணிக்கைக் கருவி. நாலு பேரோ பதினெட்டு பேரோ, மொத்தக் கடன் தெரிஞ்சா இந்த மாசம் வரவேண்டிய மொத்த வட்டி தெரியும். அதை நோட்டுல இருக்கிறதோட இப்படி ஒப்பிடலாம்:

வரவேண்டிய வட்டி + பழைய வட்டி நிலுவை = வந்த வட்டி + புது வட்டி நிலுவை

சரியான நோட்டுல 900 + 0 = 800 + 100. தப்பான நோட்டுல வலது பக்கம் 500 + 0, அதாவது 400 இடிக்குது. அடுத்த மாசம் வரவேண்டியது 47,500-க்கு ரெண்டு வட்டி, 950. பழைய நிலுவை 100 சேர்த்தா 1,050. அந்தக் கூட்டத்துல வட்டி 1,050 வரணும், இல்லன்னா வராத மீதி நிலுவைப் பத்தியில இருக்கணும்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வட்டி கூட்டத்திலிருந்து கூட்டம் வரைன்னு முழு மாசமா கணக்கிடணும், புதுக் கடன் கூட்டத்துல வசூல் முடிஞ்ச பிறகுதான் கொடுக்கணும். அதனாலதான் புது 5,000-க்கு இந்த மாசம் வட்டி இல்ல. நடுவுல அவசரத்துக்குன்னு கடன் கொடுத்து, பாதி மாச வட்டி போட்டா, அந்தத் தொகையைத் தனியா கூட்டிக்கணும்.

நிலுவைப் பத்தி ஏன் இங்க ரொம்ப அவசியம்?

மாசச் சம்பளம் வாங்குற இடத்துல நிலுவை எப்பவாவது வரும். எங்க பக்கம் அப்படி இல்ல. ஏரியும் கடலும் சேருற முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைச்சுக்கிட்டா, கடல்லேர்ந்து தண்ணியும் இறால் குஞ்சும் உள்ள வராது. வெயில் காலத்துல ஏரி வத்தி உப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் மறுபடி வாயைத் திறந்துவிட்டாத்தான் வரத்து சீராகும். ஏரிக்குள்ள பாடு முறைன்னு ஒண்ணு இருக்கு, வலை போடுற இடங்களை முறை வெச்சு மாத்திக்குவாங்க, அதனால எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி வரும்படி இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடல்ல மீன்பிடித் தடை. அந்த மீனை ஏலம் எடுத்து விக்கிற பெண்களுக்கும் அப்போ வியாபாரம் குறைஞ்சுபோகும்.

அதனால வட்டியே முழுசா கட்ட முடியாத மாசம் வரத்தான் செய்யும். நோட்டுல நிலுவைக்குன்னு ஒரு பத்தி இல்லன்னா, எழுதுறவங்க அந்தத் தொகையை எங்கயாவது ஒளிச்சு வைக்க வேண்டியதாயிடும். ஒண்ணு, எழுதாம விட்டுடுவாங்க, அது சத்தமில்லாத தள்ளுபடி. இல்லன்னா அசலோட சேர்த்துடுவாங்க, அது வட்டிக்கு வட்டி. 20,000 கடனுக்கு மூணு மாசம் எதுவுமே கட்டலன்னு வெச்சுக்கோங்க. நிலுவையைத் தனியா எழுதினா மூணு மாச வட்டி 1,200. மாசாமாசம் அசலோட சேர்த்தா 1,224. வித்தியாசம் 24 ரூபாய்தான், ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது குழு. பேனா பிடிச்சவங்க கையில அதை விடக்கூடாது. பெரியம்மா குழுவுல நிலுவைக்கு வட்டி கிடையாதுன்னு தீர்மானப் புத்தகத்துலயே எழுதியிருக்கு.

கோடு எழுதிப் பார்த்தேன்

மறுநாள் காலையில லேப்டாப்ல அதே விதியை எழுதிப் பார்த்தேன். மொத்தமே இவ்வளவுதான்:

```python
r = 0.02
bal  = [10000, 20000, 9000, 6000]
arr  = [0, 0, 0, 0]
paid = [1200, 300, 1180, 620]

for i, p in enumerate(paid):
    due = arr[i] + bal[i] * r
    interest = min(p, due)
    arr[i] = due - interest
    bal[i] -= p - interest
    print(i + 1, interest, arr[i], bal[i])
```

`bal` கடன் பாக்கி, `arr` வட்டி நிலுவை, `paid` கட்டின பணம். `min(p, due)`-ங்கற இடத்துலதான் "முதல்ல வட்டி, அப்புறம் அசல்" விதி இருக்கு. ஓட்டிப் பார்த்தா ரெண்டாவது வரியில வட்டி 300, நிலுவை 100, பாக்கி 20000-ன்னு வரும்.

பெரியம்மாகிட்ட பெருமையா காட்டினேன். "சரி, இதுல தப்பான ஆள் பேர்ல பணத்தைப் போட்டா இது சொல்லுமா?"ன்னு கேட்டாங்க. சொல்லாதுதான்.

இந்தச் சோதனைக்குத் தெரியாத தப்புகள்

கருவாட்டுக் கடன் அக்கா கட்டின 1,000 அசலை ஃபீஸ் கடன் அக்கா பக்கத்துலயும், அவங்க அசலை இவங்க பக்கத்துலயும் எழுதினா யாருக்கும் நஷ்டமில்ல, ரெண்டும் ஒரே தொகை. ஆனா கருவாட்டுக் கடன் அசல் 1,000-ஐ மருத்துவக் கடன் பக்கத்துலயும், மருத்துவத்தோட 500-ஐ அங்கயும் மாத்தி எழுதினா ஒருத்தருக்கு 500 லாபம், இன்னொருத்தருக்கு 500 நஷ்டம். கேஷ் டேலி ஆகும், வட்டிச் சோதனையும் டேலி ஆகும், ஏன்னா மொத்தம் மாறவே இல்ல. அதே மாதிரி, ஒருத்தர் பேர்ல கடன் எழுதி இன்னொருத்தர் பணத்தை எடுத்துக்கிட்டாலும் கூட்டல் கழித்தல் எதுவும் இடிக்காது.

மொத்தத்துல ஒளிஞ்சிருக்கிற தப்பைத் தனி ஆள் மட்டும்தான் பிடிக்க முடியும். அதுக்குத்தான் பாஸ்புக். கூட்டம் முடியிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் சேமிப்பும் கடன் பாக்கியும் பேரேட்டுலேர்ந்து சத்தமா வாசிக்கணும், அவங்க தன் பாஸ்புக்கைப் பார்த்து "சரி"ன்னு சொல்லணும். படிக்கத் தெரியாதவங்களுக்கும் தன்னோட பாக்கி எவ்வளவுன்னு நல்லாத் தெரியும். பாஸ்புக்கை எல்லாம் வசதிக்காக ஊக்குநர் வீட்டுலயே அடுக்கி வெச்சா இந்தச் சோதனை செத்துடும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தப்பு, வட்டி நிலுவை 400-ன்னு ஒழுங்கா எழுதிட்டு, 300-ஐ அசல்ல கழிக்கிறது. 500 + 400 = 900, சோதனை பாஸ் ஆகும். அதனால பேரேட்டைப் புரட்டும்போது ஒண்ணு பார்க்கணும்: ஒருத்தருக்கு வட்டி நிலுவை இருக்கிற மாசத்துல அசல் குறைஞ்சிருந்தா, விதி மீறியிருக்குன்னு அர்த்தம்.

வேற பணம் கலந்தா

எங்க பக்கம் ஒரே பெண் குழுவுலயும் இருப்பாங்க, மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்துலயும் இருப்பாங்க. சங்கம் வழியா மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் நடக்குது. உறுப்பினர் 9 மாசத்துல மொத்தம் 1,500 ரூபாய் கட்டினா, அரசு 3,000 சேர்த்து, மீன்வரத்து குறைஞ்ச காலத்துல 4,500-ஆ திருப்பித் தரும். அந்தப் பணத்துக்குக் குழுக் கடனும் கிடையாது, குழு வட்டியும் கிடையாது. ஆனா ரெண்டு வசூலும் ஒரே திண்ணையில, ஒரே நாள்ல நடந்தா, சங்கத்துப் பணம் குழுப் பெட்டியில விழ வாய்ப்பு அதிகம். அன்னிக்குப் பெட்டியில பணம் கூடுதலா இருக்கும். கூடுதலா இருந்தா யாரும் பதற மாட்டாங்க, அதுதான் ஆபத்து. பெட்டியில அதிகப் பணமும் குறைஞ்ச பணம் மாதிரியே ஒரு தப்புதான். தனிப் பை, தனி ரசீது புத்தகம் வெச்சுட்டா பிரச்சினை இல்ல.

திருத்தினது எப்படி?

நான் அழிரப்பரும் வொயிட்னரும் தேடினேன். பெரியம்மா தொடவே விடல. "அடிச்சது தெரியணும், அழிச்சது தெரியக்கூடாதுன்னு இருந்தா நாளைக்கு யாரு நம்புவாங்க?"ன்னாங்க.

அடுத்த கூட்டத்துல முதல் வேலையா அந்த வரியைப் படிச்சாங்க. தப்பான எண் மேல ஒரே ஒரு கோடு, கீழே இருக்கிற எண் தெரியிற மாதிரி. பக்கத்துல சரியான எண்: வட்டி 300, அசல் இல்ல, நிலுவை 100, பாக்கி 20,000. ஊக்குநரும் ரெண்டு பிரதிநிதிகளும் அதுல கையெழுத்துப் போட்டாங்க. அந்த அக்காவோட பாஸ்புக்கிலும் அவங்க கண்ணு முன்னாடியே அதே திருத்தம். தீர்மானப் புத்தகத்துல ரெண்டு வரி.

அவங்க கோவிச்சுப்பாங்களோன்னு நான் பயந்தேன், அவங்க கடன் 300 ரூபாய் ஏறுதே. அவங்க சாதாரணமா சொன்னாங்க: "நூறு பாக்கின்னு எனக்குத் தெரியுமே. அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், பாஸ்புக்குல அப்படி எழுதியிருந்ததும் சரி, விட்டுட்டாங்க போலன்னு நினைச்சேன்."

அந்த மாசம் அவங்க 1,500 கட்டினாங்க. 500 வட்டி, அதுல 100 பழைய நிலுவை. 1,000 அசல். எழுதினது, போன மாசம் தப்பா எழுதின அதே அக்காதான். பெரியம்மாதான் வேணும்னே பேனாவை அவங்க கையில கொடுத்தாங்க.